பேரனுக்குக் கேட்ட கஷாயம்

நேயர்களுக்கு வணக்கம். போன வைகாசியில் பக்கத்து ஊரிலிருந்து ஓர் ஆச்சி என்னிடம் வந்தார். வயது 70-ஐத் தொட்டிருக்கும். உட்கார்ந்ததுமே, "தம்பி, மூணு வாரமா இந்த இருமல் என்னைத் தூங்கவிடலை. பேரனுக்குக் கேட்ட கஷாயம் எனக்குக் கேக்கலை. குடிக்கக் குடிக்கக் கூடுதுய்யா" என்றார்.

என்ன கஷாயம் என்று கேட்டேன். எல்லா வீட்டிலும் வைக்கிற சுக்கு, மிளகு, திப்பிலிதான். விரல்கணு அளவு சுக்கு, 10 மிளகு, நாலு திப்பிலி தட்டிப்போட்டு, ரெண்டு தம்ளர் தண்ணீரை அரைத் தம்ளராகச் சுண்டவைத்து, ஆறியபின் தேன் விட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆறியபின் தேன் விட்டது சரி. சூட்டில் தேனைச் சேர்க்கக்கூடாது என்பது ஆயுர்வேதத்தில் கண்டிப்பான விதி. எட்டு வயதுப் பேரனுக்கு நாலே நாளில் இருமல் நின்றுவிட்டது. அதே பாத்திரத்தில் அப்பத்தாவுக்கும் வைத்துக் கொடுத்தார்கள். அவருக்கு இருமல் கூடி, நெஞ்செரிச்சலும் சேர்ந்துகொண்டது.

வாதம், பித்தம், கபம் என்று மூன்று தோஷம் சொல்கிறோமே, மூலிகையைத் தேர்ந்தெடுக்க அதை வைத்தியர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதற்கு இந்த ஒரு வீடே போதும். இதை வைத்தே பேசுகிறேன்.

பேரனுக்கு வந்த இருமல் எப்படி இருந்தது என்று முதலில் கேட்டேன். காலையில் எழுந்ததும்தான் அதிகம். வெள்ளையாக, கெட்டியாகச் சளி வரும். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். தலை பாரம், மந்தம். ஆச்சிக்கோ சளியே இல்லை. தொண்டைக்குள் பஞ்சு நுழைந்தது போல அரிப்பு, பிறகு அடுக்கடுக்காக வறட்டு இருமல். விலா வலிக்கிறது. ராத்திரி படுத்தால் கூடுகிறது. குரல் கம்மியிருக்கிறது. நாக்கு காய்ந்து ஓரம் சிவந்திருந்தது. மலம் இரண்டு நாளுக்கு ஒருமுறை, அதுவும் கட்டியாக.

ஆயுர்வேதத்தின் பழைய நூலான சரக சம்ஹிதை இருமலை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. வாதம், பித்தம், கபம் என்று மூன்று, மார்பில் அடிபட்டு வருவது ஒன்று, உடம்பு தேய்ந்து வருவது ஒன்று. பேரனுக்கு வந்தது கப இருமல். ஆச்சிக்கு இருந்தது வாத இருமல், எரிச்சல் வந்தபிறகு கொஞ்சம் பித்தமும் கலந்தது. நாடியும் பார்த்தேன். ஆனால் நாடியை மட்டும் நம்பி நான் மருந்து எழுதுவதில்லை. ஒரே கையை இரண்டு வைத்தியர்கள் பிடித்து இரண்டு விதமாகச் சொன்னதை நேரில் பார்த்திருக்கிறேன். சரக சம்ஹிதையில் நாடி பார்ப்பது கிடையாது. பின்னால் வந்த சார்ங்கதர சம்ஹிதையில்தான் அது வருகிறது.

இந்த மூன்றையும் உடம்புக்குள் ஓடுகிற மூன்று திரவம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ரத்தப் பரிசோதனையில் வாதம் இத்தனை, பித்தம் இத்தனை என்று வராது. எங்களைப் பொறுத்தவரை அவை குணங்களின் மூட்டை. வறட்சி, லேசு, குளிர்ச்சி, சொரசொரப்பு, ஓட்டம் எல்லாம் சேர்ந்தால் வாதம். சூடு, கூர்மை, புளிப்பு, கொஞ்சம் எண்ணெய்ப்பசை சேர்ந்தால் பித்தம். கனம், குளிர்ச்சி, வழவழப்பு, மந்தம் சேர்ந்தால் கபம். ஒத்த குணம் ஒத்ததை வளர்க்கும், எதிர்க்குணம் அதைத் தணிக்கும். மருந்து தேர்வு மொத்தமும் இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது.

மூலிகையின் குணத்தை எதை வைத்துத் தெரிந்துகொள்வது? முதலில் நாக்கை வைத்து. இனிப்பும் புளிப்பும் உப்பும் வாதத்தைத் தணிக்கும், கபத்தை வளர்க்கும். காரமும் கசப்பும் துவர்ப்பும் அதற்கு நேர் எதிர், கபத்தைத் தணித்து வாதத்தைக் கிளப்பும். பித்தத்துக்கு மட்டும் கூட்டணி வேறு. அதைத் தணிப்பவை இனிப்பு, கசப்பு, துவர்ப்பு. இப்போது அந்தக் கஷாயத்தைப் பாருங்கள். மூன்று சரக்கும் காரம். கெட்டிச் சளியோடு, பசியில்லாமல், பாரமாகக் கிடந்த பையனுக்கு அது எதிர்க்குணம். சளி இளகியது, பசி எடுத்தது. ஏற்கெனவே காய்ந்து கிடந்த ஆச்சியின் தொண்டைக்கு அது ஒத்த குணம். காய்ந்த மண்ணில் மேலும் வெயில் அடித்த கதை. அதுவும் நம் செட்டிநாட்டு வைகாசி வெயில். ஊருணி வெடித்துக் கிடக்கிற மாதம். கோடையில் வாதம் சேரும் என்றுதான் நூலும் சொல்கிறது.

ஆனால் நாக்கோடு நின்றுவிட்டால் பாதி வைத்தியம்தான் தெரியும். தின்ற பொருள் சூடு பண்ணுமா குளிர்ச்சி தருமா என்பதை வீரியம் என்கிறோம். செரித்து முடிந்தபின் அது எந்தச் சுவையாக மாறி நிற்கிறது என்பதை விபாகம் என்கிறோம். சுக்கும் மிளகும் திப்பிலியும் நாக்கில் ஒரே காரம். உள்ளே போனபின் மூன்றும் ஒன்றல்ல. மிளகு செரித்தபின்னும் காரமாகவே நிற்கும், உலர்த்தவும் செய்யும். சுக்கு சூடுதான், ஆனால் அதன் விபாகம் இனிப்பு. திப்பிலியின் விபாகமும் இனிப்புதான். அதில் எண்ணெய்ப்பசையும் உண்டு, சூடும் மிளகளவுக்கு இல்லை. ஆகவே அந்தக் கஷாயத்தில் ஆச்சியை அதிகம் படுத்தியது அந்த 10 மிளகு. நம் வீட்டுக் குழம்பிலும் ரசத்திலும் தினமும் விழுகிற மிளகு வேறு அதோடு சேர்ந்துகொண்டது. திப்பிலியும் ஒன்றும் சாதுவல்ல. திப்பிலி, காரச்சாம்பல், உப்பு இந்த மூன்றையும் அளவு மீறி நெடுநாள் தின்னாதே என்று சரகரே எச்சரிக்கிறார்.

இனி ஆச்சிக்கு என்ன கொடுப்பது? கூட வந்த மருமகள், "ஆடாதோடை இலையைக் காய்ச்சித் தரலாமா?" என்று கேட்டார். நல்ல மூலிகைதான். மஞ்சளாகச் சளி வந்து, வாய் கசந்து, உடம்பு எரிந்தால், அதாவது பித்த இருமலில், நானும் அதைத்தான் முதலில் நினைப்பேன். ஆனால் ஆடாதோடை கசப்பு, துவர்ப்பு, குளிர்ச்சி. பித்தத்தையும் கபத்தையும் தணிக்கும், வாதத்துக்குத் தீனி போடும். ஆச்சிக்கு வேண்டாம் என்றேன்.

கணக்குப்படி பொருந்துவது அதிமதுரம். இனிப்பு, குளிர்ச்சி, வழவழப்பு, வாதத்துக்கும் பித்தத்துக்கும் எதிர். எழுதப்போனவன், "பிரஷர் இருக்கா ஆச்சி?" என்று கேட்டேன். "இருக்கு, மாத்திரை போடுறேன்" என்றார். பேனாவை மூடினேன். அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். இது தோஷக் கணக்கில் அகப்படாத விஷயம். வாதம், பித்தம் என்று எவ்வளவு சரியாகக் கூட்டிக் கழித்தாலும் இந்த இடத்தில் அது கைகொடுக்காது.

கடைசியில் கொடுத்தது சிதோபலாதி சூரணம். கற்கண்டு 16 பங்கு, மூங்கிலுப்பு 8, திப்பிலி 4, ஏலம் 2, லவங்கப்பட்டை 1. ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி, அதனால் மனப்பாடம் செய்யவே வேண்டாம். இரண்டு கிராம் சூரணத்தில் திப்பிலி சுமார் கால் கிராம்தான், ஒரு கிராமுக்குக் கற்கண்டே இருக்கிறது. அதே திப்பிலிதான், கூட்டாளிகள் மாறிவிட்டார்கள். சளி இருக்கிறவருக்கு இதைத் தேனில் குழைத்துத் தருவோம். தேன் உலர்த்தும் என்பதால் ஆச்சிக்கு நெய்யில் குழைத்து, காலையும் இரவும் இரண்டிரண்டு கிராம். சர்க்கரை வியாதிக்காரருக்கு இது ஆகாது, பாதிக்கு மேல் கற்கண்டு. ஆச்சிக்கு அது இல்லை என்பதைக் கேட்டுக்கொண்டேன். கஷாயத்தை நிறுத்தச் சொன்னேன். முறுக்கு, சீடை மாதிரி காய்ந்த பலகாரத்தையும் கொஞ்ச நாள் தள்ளிவைக்கச் சொன்னேன். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டதால் அரசு மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்துவிட்டு வரச் சொன்னேன். அதில் ஒன்றும் இல்லை.

பத்து நாள் கழித்து வந்தார். நெஞ்செரிச்சல் போய்விட்டது. மலம் இளகியிருக்கிறது, குரலும் திரும்பியிருக்கிறது. இருமல் மட்டும் பாதிதான் குறைந்திருக்கிறது. ராத்திரி அந்த அரிப்பு அப்படியே இருக்கிறது. எனக்குப் பிடிபடவில்லை. அப்போதுதான் நான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். "அந்த பிரஷர் மாத்திரையைக் காட்டுங்க ஆச்சி." மஞ்சப்பையிலிருந்து அட்டையை எடுத்தார். ராமிப்ரில். சித்திரையில் புதிதாக எழுதிக் கொடுத்தது.

எனலாப்ரில், ராமிப்ரில் என்று பெயர் 'ப்ரில்' என முடிகிற ரத்த அழுத்த மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். பெண்களுக்கு இது சற்று அதிகம். சளி இருக்காது, தொண்டை அரிக்கும், ராத்திரி படுத்தும். நம் ஏட்டில் உள்ள வாத இருமலுக்கு அச்சு அசல் அதே அடையாளங்கள். முதல் நாள் 'பிரஷர் மாத்திரை' என்று அவர் சொன்னபோது, அதிமதுரத்தை விலக்குவதோடு என் புத்தி நின்றுவிட்டது. பெயரைக் கேட்கவில்லை. வாதம் என்று நான் சொன்னது தவறில்லை. வாதம் எதனால் கிளம்பியது என்று தேடாததுதான் தவறு. காரணத்தை விலக்குவதே முதல் சிகிச்சை என்று எங்கள் நூலிலேயே இருக்கிறது.

மாத்திரையை நான் நிறுத்தவில்லை. அதைத் தானாக நிறுத்தினால் அழுத்தம் எகிறும். எழுதிக்கொடுத்த டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினேன். அவர் வேறு வகை மாத்திரைக்கு மாற்றினார். அதன்பிறகும் இருமல் உடனே நிற்காது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து நாலு வாரம் பிடிக்கும். ஆச்சிக்கு மூன்றாவது வாரத்தில் நின்றது.

ஆடி மாதம் வந்தபோது சிரித்துக்கொண்டே கேட்டார்: "மாத்திரையாலதான் இருமல்னா, அந்த நெய் மருந்து எதுக்குய்யா?" தொண்டை வறட்சியும் எரிச்சலும் அதில்தான் தணிந்தன என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அதே நாளில் கஷாயத்தையும் நிறுத்தச் சொன்னவன் நான். எதனால் தணிந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்படியே சொன்னேன்.

பேரனுக்கு மறுபடியும் சளி பிடித்திருக்கிறதாம், அதே வெள்ளைச் சளி. அதே கஷாயத்தை வைக்கலாமா என்றார். தாராளமாக வைக்கலாம், மிளகை மட்டும் ஐந்தாகக் குறைத்து மூன்று நாள் கொடுங்கள், காய்ச்சலோ மூச்சிரைப்போ தெரிந்தால் கஷாயத்தை வைத்துவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். நன்றி, வணக்கம்.