தாளிப்பு தெறித்துக் கண்ணில் பட்டால்

[காட்சி: மதுரை, செல்லூரில் ஒரு வீட்டு அடுப்படி. தாளிப்புக் கரண்டியில் கடுகு வெடிக்கிறது.]

குரல்: அலசிய கறிவேப்பிலையை உதறாமல் அப்படியே போடுகிறார் மதினி. சடசடவென்று தெறிக்கிறது. இடது கண்ணில் சுரீர்!

தண்ணீர் எண்ணெயைவிடக் கனம். அடியில் இறங்கி, அந்தச் சூட்டில் சட்டென்று ஆவியாகி, ஆயிரம் மடங்குக்கு மேல் விரிகிறது. எண்ணெயைத் தூக்கி எறிவது அந்த ஆவிதான். பெரும்பாலும் இமை முந்திக்கொண்டு மூடிவிடும், சூட்டை அதுவே வாங்கிக்கொள்ளும். சில நேரம் ஒரு துளி கருவிழியிலும் பட்டுவிடுகிறது.

[காட்சி: கை கண்ணுக்குப் போகிறது. நாத்தனார் பிடித்துக்கொள்கிறாள்.]

நாத்தனார்: கசக்காதீங்க மதினி! குழாயடிக்கு வாங்க.

குரல்: வெந்த கருவிழியின் மேல்தோல் கசக்கினால் உரிந்து வந்துவிடும். அடுப்பை அணைத்துவிட்டு, தலையை இடப்பக்கம் சாய்க்க வேண்டும், பட்ட கண் கீழே இருக்கும்படி. லென்ஸ் போட்டிருந்தால், எளிதாக வருகிறதென்றால் எடுத்துவிடுங்கள்.

[காட்சி, அண்மையில்: செம்பிலிருந்து நூல் போல விழும் தண்ணீர்.]

குரல்: சோப்புப் போட்டுக் கழுவிய கையால் இமையை விலக்கி, மூக்கோரத்திலிருந்து காதுப் பக்கம் ஓடும்படி மெதுவாக ஊற்றுங்கள். சுத்தமான, சாதாரணக் குளிர்ச்சியுள்ள தண்ணீர் போதும், ஐஸ் வேண்டாம். 15 முதல் 20 நிமிடம். எல்லாரும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். இரண்டு செம்போடு நிறுத்திவிடுவார்கள். கடிகாரத்தைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்குப் போகவில்லையே என்று கண்ணில் சோப்பு போடாதீர்கள். தண்ணீரின் முதல் வேலை சூட்டைத் தணிப்பது.

இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது முகத்தில் ஆவி அடித்தாலும் இதே வைத்தியம்தான்.

[காட்சி: கதவோரம் மாமியார், கையில் நெய்க்கிண்ணம்.]

மாமியார்: கொஞ்சம் நெய் தடவுனா எரிச்சல் அடங்கிரும்த்தா.

குரல்: அக்கறைதான், ஆனால் வேண்டாம். நெய், விளக்கெண்ணெய், தாய்ப்பால், பற்பசை எதுவும் கூடாது. போன வருஷம் வாங்கிய சொட்டு மருந்தும் கூடாது; அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் ஆறுவது கெடும், கிருமியும் தொற்றலாம்.

[காட்சி: சுவரில் தினசரி நாள்காட்டி. மதினி வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு வாசிக்கிறார்.]

குரல்: இமை வீங்கி மூடிக்கொள்வதற்குள் இதைச் செய்துவிடுங்கள். பெரிய தேதி தெரிகிறதா, கீழே ராகுகாலம் வாசிக்க முடிகிறதா? மருத்துவருக்கு உதவும் தகவல் இது. பார்வை மங்கல், வெளிச்சம் கூசுவது, கருவிழியில் வெள்ளைத் திட்டு, கண் திறக்க முடியாத வலி, இமையில் கொப்புளம் இருந்தால் உடனே கிளம்ப வேண்டும். வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே காட்டிவிடுவது நல்லது.

கண்ணை அழுத்திக் கட்டாதீர்கள். சுத்தமான காகிதக் கப்பின் அடிப்பாகத்தை வெட்டி, விளிம்பு கண்ணில் படாமல் சுற்றியுள்ள எலும்பில் உட்காரும்படி ஒட்டினால் போதும்.

[காட்சி: ஆட்டோ நகர்கிறது. பிறகு, இருட்டறையில் நீல வெளிச்சம்.]

குரல்: மருத்துவர் மஞ்சள் சாயம் தொட்டு நீல ஒளியில் பார்ப்பார். மேல்தோல் போன இடம் பச்சையாக ஒளிரும். மதினிக்குக் கடுகளவு திட்டு. மேலோட்டமான புண் என்பதால் சொட்டு மருந்து கொடுத்து, மறுநாள் வரச் சொன்னார்கள்.