எதிராளிக்கும் முகம் உண்டா?

நேயர்களுக்கு வணக்கம். பரீட்சை முடிந்து வீட்டில் இருக்கும் பிள்ளைகள் கொஞ்சம் ரேடியோ பக்கத்தில் வாருங்கள். இன்றைய பேச்சு உங்களுக்குத்தான்.

அரசியல் பேசும் ஒரு படம் பார்த்துவிட்டு ரத்தம் கொதிக்க வெளியே வருகிறீர்கள். கொதிக்க வைத்தது கதையா, பிரச்சாரமா? "டைரக்டர் எந்தக் கட்சி?", "யார் காசு போட்டார்கள்?" என்று உடனே கேட்போம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதோடு விஷயம் முடிந்துவிடாது. படத்துக்குள்ளே எதிராளியை எப்படி நடத்தியிருக்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

1966-இல் வந்த 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' என்று ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பிரான்சின் பிடியிலிருந்து அல்ஜீரியா விடுபடப் போராடிய கதை. எடுத்தவர் இத்தாலிக்காரர், கில்லோ பொன்டெகோர்வோ. தயாரிப்பாளர்களில் ஒருவர் சாதி யாசெப், அல்ஜியர்ஸ் நகரத்தில் போராளிகளுக்குத் தலைமை தாங்கியவர். படத்திலும் அப்படிப்பட்ட தலைவராகவே நடித்திருக்கிறார். காசு யாருடையது என்று மட்டும் பார்த்தால் இது பிரச்சாரம் என்று முத்திரை குத்திவிடலாம், இல்லையா?

இப்போது ஒரு காட்சி. ஐரோப்பியப் பெண்களைப் போல உடுத்திக்கொண்டு, கூடையில் வெடிகுண்டோடு அல்ஜீரியப் பெண்கள் புறப்படுகிறார்கள். படம் இவர்கள் பக்கம்தான். ஒருத்தி காபிக் கடைக்குள் நுழைகிறாள், கூடையைக் காலடியில் தள்ளி வைக்கிறாள். உடனே ஓடுவதில்லை, சுற்றிலும் பார்க்கிறாள். கேமராவும் அவளோடு சேர்ந்து பார்க்கிறது. அரட்டை அடிப்பவர்கள், சிரிப்பவர்கள், ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருக்கும் ஒரு குழந்தை. இன்னும் சில நிமிடத்தில் இவர்களுக்கு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். பிரச்சாரம் மட்டுமே நோக்கம் என்றால் அந்தக் குழந்தையை வெட்டி எறிந்திருப்பார்கள். குழந்தை முகத்தைக் காட்டினால் நம் பக்கத்து நியாயம் நெளியும் அல்லவா?

இசையையும் கவனியுங்கள். இதை நான் எங்கே போனாலும் சொல்வேன், என்னைத் தெரிந்தவர்கள் 'ஆரம்பித்துவிட்டார்' என்று சிரிப்பார்கள். அந்தக் காபிக் கடைக் காட்சிக்கு முன்பே பிரெஞ்சுப் போலீஸ்காரர்கள் இரவோடு இரவாக அல்ஜீரியர் குடியிருப்பில் குண்டு வைக்கிறார்கள். இடிபாட்டிலிருந்து சடலங்களைத் தூக்கும்போது ஒரு துக்க இசை. பிறகு ஐரோப்பியர் சாகும்போது? அதே இசை! பாட்டை மாற்றவில்லை. நம் ஆள் செத்தால் ஷெனாய், எதிராளி செத்தால் விசில் அடிக்கிற மாதிரி டிரம்ஸ் என்று நமக்குப் பழகிப்போயிருக்கிறது. அடுத்த படத்தில் இரண்டு பக்கச் சாவிலும் கண்ணை மூடிக் காதை மட்டும் திறந்து வையுங்கள். யாருக்காக அழச் சொல்கிறார்கள், யாருக்காக அழாதே என்கிறார்கள் என்று காதே சொல்லிவிடும்.

அந்தப் படத்து பிரெஞ்சுக் கர்னலையும் சொல்ல வேண்டும். பல்லைக் கடிக்கும் வில்லன் இல்லை. சித்திரவதை பற்றிப் பத்திரிகைக்காரர்கள் கேட்கிறார்கள். பிரான்ஸ் இங்கே இருக்க வேண்டுமா என்று திருப்பிக் கேட்கிறார். ஆம் என்றால் அதன் விளைவுகளையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறார். நமக்கு ஒப்பாது, ஆனால் சட்டென்று பதில் சொல்ல வராது. அதே படம் சித்திரவதையையும் மறைக்காமல் காட்டுகிறது. அந்தக் கர்னலாக நடித்த ஜான் மார்ட்டின் நிஜத்தில் அந்தப் போரை எதிர்த்தவர்!

இதற்கு நேர் எதிர், சோவியத் அரசு 1925-இல் எடுத்த 'பொட்டெம்கின் போர்க்கப்பல்'. ஒடெசா என்ற ஊரின் படிக்கட்டில் ஜார் மன்னரின் ராணுவம் மக்களைச் சுட்டுக்கொண்டே இறங்குகிறது. சாகிறவர்களுக்கெல்லாம் முகம் உண்டு; தாய், பாட்டி, உருண்டோடும் தள்ளுவண்டியில் குழந்தை. சுடுகிற சிப்பாய்களோ வெறும் பூட்ஸ் வரிசை, துப்பாக்கி வரிசை. 1905-இல் அந்த ஊரில் துப்பாக்கிச் சூடு நடந்தது உண்மை, ஆனால் படிக்கட்டில் இப்படி ஒரு படுகொலை நடக்கவில்லை. எடிட்டிங்கின் பலம், இன்றும் பலர் நடந்தது என்றே நம்புகிறார்கள். மகத்தான படம்தான். மகத்தான பிரச்சாரமும்கூட.

சரி, அல்ஜியர்ஸ் படம் முழு நேர்மையா? அப்படியும் சொல்ல மாட்டேன். விடுதலை கேட்ட இன்னொரு அல்ஜீரிய இயக்கமும் இருந்தது. இரண்டு இயக்கத்துக்கும் இடையே ரத்தம் சிந்தியது. படத்தில் அதைப் பற்றி மூச்சே இல்லை. காட்டியதில் நியாயமாக இருந்தவர்கள் காட்டாமல் விட்டதில் சாய்ந்துவிட்டார்கள். இதைத் திரையை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நூலகத்துக்குத்தான் போக வேண்டும்.

நம்மூர் 'பராசக்தி'க்குத்தான் கடைசி ஐந்து நிமிடம் என்று வைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். ஒரு வார்த்தை மட்டும். 1952 படம், திராவிட இயக்கத்தின் பிரச்சாரம் என்பதை அது ஒளிக்கவே இல்லை. கோர்ட் காட்சியை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வீர்கள். இன்னொரு முறை பாருங்கள். குணசேகரன் பேசும் நேரம் எவ்வளவு, எதிர்த்தரப்புக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்று கடிகாரத்தை வைத்து நீங்களே... சரி, சரி, முடிக்கிறேன். வணக்கம்.