ஒரே சோப்பு, ரெண்டு ரேட்டு

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். கடை வச்சிருக்கவங்க, கடைக்கு கணக்கு எழுதுறவங்க, பில்லிங் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கவங்க, உங்களுக்காகத்தான் இன்னைக்கு பேச வந்திருக்கேன். மாசம் முடிஞ்சதும் 11ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1 போடணும், 20ஆம் தேதிக்குள்ள 3பி போட்டு வரியைக் கட்டணும். அதுக்கு முன்னாடி பில்லுல இருக்க ஒவ்வொரு லைனையும் எடுத்து, 5 சதவீதத்துல இவ்வளவு வித்தோம், 18ல இவ்வளவு வித்தோம், அதுக்கு இவ்வளவு வரி வாங்கினோம்னு தொகுக்கணும். கேக்க சின்ன வேலைதான், ஆனா நான் பாத்த தப்புகள்ல பாதிக்கு மேல இந்த இடத்துலதான் நடக்குது, அதுவும் கூட்டுத்தொகை எல்லாம் சரியா வந்துட்டு தப்பு உள்ள ஒளிஞ்சிருக்கும்.

2025 செப்டம்பர் மாசத்தை எடுத்துக்குவோம். அந்த மாசம் 22ஆம் தேதி ஜிஎஸ்டி ரேட் மாறுச்சு, ஞாபகம் இருக்கும். குளிக்கிற சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் எல்லாம் 18ல இருந்து 5க்கு வந்துச்சு, துணி துவைக்கிற பவுடர் 18லயே நின்னுச்சு. அதாவது ஒரே மாசத்துல, ஒரே சோப்பு, 21ஆம் தேதி வரைக்கும் 18, அடுத்த நாள்லேர்ந்து 5.

நான் கணக்கு பாக்குற ஒரு மளிகைக்கடையில 22ஆம் தேதி காலையிலேயே ஐட்டம் மாஸ்டர்ல ரேட்டை மாத்திட்டாங்க. நல்ல வேலைதான், பில்லும் சரியாத்தான் வந்துச்சு. மாசக் கடைசியில எக்செல்ல லைன் ரிப்போர்ட் எடுத்தா அதுல தேதி இருக்கு, பில் நம்பர் இருக்கு, ஐட்டம் இருக்கு, வரியோட சேந்த தொகை இருக்கு, ஆனா ரேட் காலம் மட்டும் இல்ல. சரின்னு அங்க இருந்த பையன் மாஸ்டர்லேர்ந்து வி-லுக்அப் போட்டு ரேட்டை இழுத்துட்டான். மாஸ்டர்ல இருக்குறது இன்னைய ரேட்டு, பில் போட்ட அன்னைக்கு இருந்த ரேட்டு இல்ல.

இப்ப சோப்பு கணக்கை மட்டும் பாருங்க. 21ஆம் தேதி வரைக்கும் வரியோட வித்தது 49,560 ரூபாய். அன்னைக்கு ரேட் 18, அதனால 118ஆல வகுத்து 100ஆல பெருக்குனா சரக்கு மதிப்பு 42,000, வரி 7,560. 22க்கு அப்புறம் வித்தது 18,900, அதை 105ஆல வகுக்கணும், மதிப்பு 18,000, வரி 900. ரெண்டும் சேத்து கட்ட வேண்டிய வரி 8,460. அந்தப் பையன் ஷீட்ல எல்லாத்துக்கும் 5ன்னு வந்துட்டதால மொத்தம் 68,460ஐயும் 105ஆல வகுத்து மதிப்பு 65,200, வரி 3,260ன்னு காட்டுச்சு. 5,200 ரூபாய் கம்மி, ஒரே ஒரு ஐட்டத்துல.

இது ஏன் கண்ணுல படாதுன்னு யோசிச்சுப் பாருங்க. கல்லாப்பெட்டி வசூலோட ஒப்பிட்டா 68,460 அப்படியே ஒத்துப் போகுது. 65,200க்கு 5 சதவீதம் போட்டுப் பாத்தா 3,260 டக்குன்னு வருது. நாம வழக்கமா பண்ற ரெண்டு சோதனையிலயும் பாஸ் ஆயிடுச்சு. ஆனா கஸ்டமர்கிட்ட வரின்னு சொல்லி வாங்கினது 8,460, அதை அரசாங்கத்துக்கு கட்டியே ஆகணும், பின்னாடி தெரிஞ்சா 18 சதவீதம் வட்டியும் சேத்து.

எப்படி பிடிபட்டுச்சுன்னா, நான் எப்பவும் இன்னொரு தொகையை தனியா எடுப்பேன். பில் போடும்போதே பில்லுல பிரிண்ட் ஆன வரி, அதாவது சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி தொகை, தினசரி பில் ரெஜிஸ்டர்ல கூட்டி நிக்கும். அது அன்னைக்கு என்ன ரேட்டோ அந்த ரேட்டுல போட்டது, யாரும் பின்னாடி திரும்ப கணக்கு போடல. அந்தத் தொகையையும் நம்ம தொகுப்புல வந்த வரியையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும். ரவுண்டிங்னால வித்தியாசம் வரும்தான், ஆனா ஒரு லைனுக்கு ரெண்டு வரியும் சேத்து ஏறக்குறைய ஒரு பைசாவுக்கு மேல வராது. ஆயிரம் லைன் இருந்தா பத்து ரூபாய், அதுக்கு மேல போனா அது ரவுண்டிங் இல்ல, வேற ஏதோ தப்பு. அன்னைக்கு சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் எல்லாம் சேந்து வித்தியாசம் பல ஆயிரத்துல நின்னுச்சு, பாத்த உடனே பில்லை எடுங்கன்னு சொல்லிட்டேன். நல்ல வேளை, ஜிஎஸ்டிஆர்-1 இன்னும் போடல.

அதனால ரிப்போர்ட் எடுக்கும்போது ரேட்டும், வரித் தொகையும் லைன்லயே வரணும், மாஸ்டர்லேர்ந்து இழுக்கக் கூடாது. சாஃப்ட்வேர்க்காரர்கிட்ட அப்படியே கேளுங்க, பில் சேவ் ஆகும்போது லைன்ல பதிஞ்ச ரேட் வேணும்னு. அது வந்ததுக்கு அப்புறம் முதல்ல ஜிஎஸ்டி நம்பர் உள்ள வாடிக்கையாளர் பில்லை எல்லாம் தனியா பிரிச்சு வச்சிடுங்க, அது ஜிஎஸ்டிஆர்-1ல பில் பில்லாப் போகும். மிச்சம் இருக்க கவுன்டர் விற்பனையைத்தான் ரேட்வாரியா ஒரே தொகையா டேபிள் 7ல காட்டுறோம். பிவட் டேபிள்ல ரேட்டை வரிசையில போட்டு, மதிப்பு, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி மூணையும் கூட்டினா போதும். 9ன்னு ஒரு வரிசை வந்தா பயப்படாதீங்க, சிஜிஎஸ்டி ரேட்டை மட்டும், அதாவது பாதியை எடுத்திருக்கீங்க, 18ன்னு மாத்தணும். ஆனா பிளாங்க்னு ஒரு வரிசை வந்தா விடாதீங்க, அது வரி இல்லாத உதிரி அரிசியாவும் இருக்கலாம், ரேட் போட மறந்த புது ஐட்டமாவும் இருக்கலாம். வரி இல்லாததும் ரிட்டர்ன்ல காட்ட வேண்டியதுதான், அதுக்கு டேபிள் 8 இருக்கு.

அடுத்து தள்ளுபடி. பில் அடியில மொத்தமா 150 ரூபாய் கழிக்கிறீங்க, மேல பாக்கெட் அரிசி 1,000 ரூபாய்க்கு 5லயும், துணிப் பவுடர் 500 ரூபாய்க்கு 18லயும் இருக்குன்னு வைங்க. அந்த 150ஐ மதிப்புக்கு ஏத்த மாதிரி 100, 50ன்னு ரெண்டு லைனுக்கும் பிரிக்கணும். அப்ப அரிசி 900க்கு வரி 45, பவுடர் 450க்கு 81, மொத்தம் 126. சில ரிப்போர்ட்ல தள்ளுபடி கடைசி லைன்ல போய் ஒட்டிக்கும், பவுடர் 350 ஆயிடும், வரி 50ம் 63ம் சேந்து 113ன்னு வரும். ஒரு பில்லுல 13 ரூபாய், பண்டிகை மாசத்துல எத்தனை பில்லுன்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க. இதையும் அதே பில் ரெஜிஸ்டர் ஒப்பீடு காட்டிக் கொடுத்திடும்.

கடைசியா சரக்கு திரும்பி வர்றது. ஒரு அம்மா 15ஆம் தேதி வாங்கின சோப்பு பெட்டியை 25ஆம் தேதி திருப்பிக் கொடுத்தாங்க. கம்ப்யூட்டர் 5ன்னு ரிட்டர்ன் போடப் பாத்துச்சு. அது தப்பு, வித்தது 18ல, அவங்ககிட்ட வரி வாங்கினதும் 18ல, அதனால பழைய பில் நம்பரைப் போட்டு 18லயே கழிக்கணும், டேபிள் 7ல 18 வரிசையிலதான் அந்தத் தொகை குறையணும். அந்தப் பெட்டியையே மறுநாள் வேற ஒருத்தர் வாங்கிட்டுப் போனார், அந்த பில் 5ல.