பில்லர் எங்கே வரணும்? கார் பார்க்கிங், மாடிப்படி, சுவர் மூணும் ஒரே கோட்டில்

(திரையில்: 24 அடி அகல வீட்டின் வெறும் வெளிக்கோடு)

வணக்கம். வெளியே 24 அடி அகலம் உள்ள ஒரு வீடு. கீழே இடது பக்கம் கார் பார்க்கிங், வலது பக்கம் மாடிப்படி, அதுக்குப் பின்னாடி ஒரு படுக்கையறை. மேலே இன்னொரு மாடி. இதில் பில்லரை எங்கே வைக்கணும்னு இப்போ பார்க்கலாம்.

சுவர் எல்லாம் 9 அங்குலம். இடது வெளிச்சுவரை A கோடு, வலது வெளிச்சுவரை C கோடுன்னு வெச்சுக்குவோம். சென்டருக்கு சென்டர் 23 அடி 3 அங்குலம். நடுவில் வரப்போற B கோடுதான் இந்த வீட்டோட தலையெழுத்து.

(திரையில்: மாடிப்படி முன்பின்னாக வரையப்படுகிறது)

வழக்கமா படியை வாசலிலிருந்து பின்பக்கமா ஏற வைப்பாங்க. ஒரு படிவரிசைக்கு 3 அடி 3 அங்குலம், ரெண்டு வரிசை, நடுவில் 3 அங்குல இடைவெளி. உள்ளகலம் 6 அடி 9 அங்குலம். அப்போ படிச்சுவரோட சென்டர், C கோட்டிலிருந்து ஏழரை அடியில் விழும். ஆனா பின்னாடி இருக்கிற படுக்கையறைக்கு 10 அடி 9 அங்குலம் வேணும். அந்தச் சுவரோட சென்டர் பதினொன்றரை அடியில் விழும்.

ரெண்டு கோட்டுக்கும் நடுவே நாலு அடி வித்தியாசம். ரெண்டிலும் பில்லர் வெச்சா பீம் நேரா ஓடாது, ஒரு பீம் இன்னொரு பீம் மேல போய் உட்காரும். நாலு அடி இடைவெளியில் ரெண்டு பில்லர் வந்தா ஃபுட்டிங் ஒண்ணோட ஒண்ணு முட்டும், கம்பைண்ட் ஃபுட்டிங் போட வேண்டி வரும். படுக்கையறைச் சுவர் கோட்டை அப்படியே முன்னாடி நீட்டினாலோ, பில்லர் பார்க்கிங் நடுவில் தனியா நிற்கும்.

(திரையில்: படி குறுக்காகத் திரும்புகிறது)

இதுக்கு வழி, பில்லரை நகர்த்துறதில் இல்லை. படியைத் திருப்புங்க. தளத்துக்குத் தளம் 10 அடி, படி உயரம் 6 அங்குலம்னா மொத்தம் 20 ஏற்றம், வரிசைக்குப் பத்து. பத்து ஏற்றத்துக்கு ஒன்பது மிதிபடி, ஒண்ணு 10 அங்குலம், ஆக ஏழரை அடி. நடு லேண்டிங் 3 அடி 3 அங்குலம். கூட்டினா 10 அடி 9 அங்குலம். படுக்கையறை அகலமும் அதேதான்!

இப்போ ஒரே B கோடு, C-யிலிருந்து பதினொன்றரை அடியில். படுக்கையறைச் சுவர், படி தொடங்குற இடம், பார்க்கிங் விளிம்பு மூணும் அதிலேயே வருது. A-க்கும் B-க்கும் நடுவே சுத்தமா 11 அடி கிடைக்கும். கார் நிறுத்தி ரெண்டு பக்கக் கதவையும் திறந்து இறங்கலாம். பார்க்கிங்குக்கு விதி கேட்கிற இரண்டரை மீட்டர் அகலத்துக்கும் இது தாராளம்.

ஒண்ணு கவனிங்க. பார்க்கிங் தரை வீட்டுத் தரையைவிட ஒன்றரை அடி தாழ்ந்து இருந்தா, இன்னும் மூணு ஏற்றம் கூடும். அதைப் படிக்கூண்டுக்குள்ள திணிச்சா இந்தக் கணக்கு உடைஞ்சிடும். தலைவாசலுக்கு முன்னாடி வீட்டு மட்டத்தில் ஒரு திண்ணை போட்டு, படியை அங்கிருந்து தொடங்குங்க. தலைவாசலுக்கு எப்படியும் அந்த மூணு படி வேணுமே. திண்ணை போக, காருக்கு அஞ்சு மீட்டர் நீளம் மிச்சம் இருக்கான்னு அப்பவே பாருங்க.

(திரையில்: C கோட்டில் லேண்டிங் பீம்)

நடு லேண்டிங் 5 அடி உயரத்தில் C சுவரை ஒட்டி வருது. அதைத் தாங்க ஒரு லேண்டிங் பீம் வேணும். அதனால படிக்கூண்டோட ரெண்டு மூலையிலும் C கோட்டில் பில்லர் இருந்தே ஆகணும். பாதி உயரத்தில் பீம் சேர்றதால, நிலநடுக்கத்தில் அந்த ரெண்டு பில்லரும் குட்டைப் பில்லர் மாதிரி அதிக விசையை இழுத்துக்கும். ரிங் நெருக்கமா வேணும்னு ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர்கிட்ட கேட்டு வரைபடத்திலேயே எழுத வைங்க. படிக்கு வெளிச்சம் தர்ற ஜன்னலையும் இந்த பீமுக்கு மேலயோ கீழயோதான் வைக்க முடியும்.

(திரையில்: பில்லர் நெருக்கக் காட்சி)

கடைசியா மார்க்கிங். பில்லர் 9க்கு 15-ன்னா நீளப் பக்கம் சுவரோட ஓடட்டும், எங்கேயும் துருத்தாது. என்ஜினியர் 12 அங்குல அகலம் கொடுத்தா 3 அங்குலம் கூடுது. B கோட்டில் அதைப் பார்க்கிங் பக்கம் விடாம, அறைப் பக்கம் தள்ளுங்க. வெளிச்சுவரில் வெளிமுகம் சமமா இருக்கணும், அதனால உள்ளே தள்ளுங்க. அப்படித் தள்ளினா பில்லர் சென்டர் சுவர் சென்டரிலிருந்து ஒன்றரை அங்குலம் விலகும். இதைச் சொல்லாட்டி மேஸ்திரி சுவர் சென்டரிலேயே பில்லரை நிறுத்திடுவார், வெளியே ஒன்றரை அங்குலம் பிதுங்கும், பூச்சில்தான் தெரியவரும். அதனால சென்டர் லைன் வரைபடத்தில் பில்லர் முகத்தோட அளவையும் போடச் சொல்லுங்க. குழி தோண்டுறதுக்கு முன்னாடி நூலில் A பில்லர் முகத்துக்கும் B பில்லர் முகத்துக்கும் நடுவே டேப் வெச்சுப் பாருங்க. 9 அங்குலப் பில்லர்னா 11 அடி இருக்கணும். 12 அங்குலம்னா A பில்லர் உள்ளே 3 அங்குலம் வர்றதால 10 அடி 9 அங்குலம் இருக்கணும்.