வாரத்தை எண்ணாதீர்கள், மணியை எண்ணுங்கள்: என் 2026 ஆண்டுப் பாடத்திட்டம்

வணக்கம், வாங்க. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இப்போது மழை, தகரக் கூரை சத்தம் உங்களுக்கும் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வருகிற ஜனவரி 12-ஆம் தேதி திங்கள்கிழமை பள்ளி திறக்கிறது. அதற்குள் ஐந்தாம் ஆண்டுக் கணிதத்துக்கு ஆண்டுப் பாடத்திட்டம் எழுதி முடிக்க வேண்டும். மேசையில் நாட்காட்டி, மூன்று வண்ணப் பேனா, ஒட்டுக்கடைக் கோப்பி எல்லாம் இருக்கிறது. போன வருடம் ஒரு ஆசிரியை கேட்டிருந்தார், "டீச்சர், விடுமுறைக்கு மேல் விடுமுறை வருகிறதே, நீங்கள் எப்படிப் பாடத்தை முடிக்கிறீர்கள்?" என்று. உண்மையைச் சொன்னால், ரொம்ப நாள் நானும் முடிக்கவில்லை. தரவைக் கையாளுதல் பாடநூலில் கடைசியில் இருக்கும், நான் அங்கே போய்ச் சேரும்போது தீபாவளி வந்துவிடும், அப்புறம் தேர்வு, அவசரமாக இரண்டு பாட வேளையில் சராசரியையும் நடுவெண்ணையும் ஓட்டிவிடுவேன். அடுத்த வருடம் அதே பிள்ளைகள் ஆறாம் ஆண்டில் சராசரிக் கணக்கு வந்தால் என்னைத்தான் பார்ப்பார்கள். கடைசி அதிகாரம் என்பதால் வருடா வருடம் அதே பாடம் பலியானது.

அதனால் முதலில் மாற்றியது எண்ணும் விதத்தை. நம்மில் பெரும்பாலோர் வாரம் வாரமாக எழுதுகிறோம்: முதல் வாரம் இது, இரண்டாம் வாரம் அது. வாரம் என்றால் ஐந்து நாள் என்று மனம் நினைத்துக்கொள்ளும். ஆனால் என் கணித வேளை திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளில், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம். செவ்வாய் விடுமுறை வந்தால் எனக்கு நட்டமே இல்லை, திங்கள் போனால் ஒரு மணி போகிறது. கலைத்திட்ட ஆவணத்தில் கணிதத்துக்குக் குறைந்தது 96 மணி நேரம் என்று இருக்கிறது, வாரம் மூன்று மணி என்றால் 32 வாரம். நாட்காட்டியைப் பார்த்தால் நாற்பது வாரத்துக்கு மேல் தெரியும், அதைப் பார்த்துத்தான் நாம் ஏமாறுகிறோம்.

சரி, எண்ணுவோம். இந்த வருடம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு, அதனால் 9 திங்களும் விடுமுறை. பேராக்கில் அதற்கு முந்திய வெள்ளி, 6-ஆம் தேதி, சுல்தான் பிறந்தநாள். ஆக அக்டோபர் 30 வெள்ளிக்கிழமைதான் என் கடைசிப் புதுப் பாடம் என்று வைத்துக்கொண்டேன், அதற்குப் பிறகு தேர்வும் மீள்பார்வையும்தான். தவணை விடுமுறைகளைக் கழித்து அந்தத் தேதி வரைக்கும் 38 வாரம், 114 மணி. இப்போது சிவப்புப் பேனா. தைப்பூசம் ஞாயிறில் விழுவதால் பிப்ரவரி 2 திங்கள் போகிறது. சீனப் புத்தாண்டு 17, 18, செவ்வாயும் புதனும், இரண்டு பக்கமும் விடுப்பு சேர்ந்து அந்த வாரம் முழுக்கக் காலி, எனக்கு மூன்று மணி. நோன்புப் பெருநாள் பிறையைப் பொறுத்தது, ஆனால் மார்ச் 20 வெள்ளியை நான் நம்பவில்லை, அடித்துவிட்டேன். மே 1 வெள்ளி. அவால் முஹர்ரம் ஜூன் 17, மலேசிய தினம் செப்டம்பர் 16, இரண்டும் புதன். எட்டு மணி போயிற்று, மிச்சம் 106. பத்து மணி உபரி என்று சந்தோஷப்படலாம்.

படாதீர்கள். என்னிடம் ஒரு பழைய பயிற்சிப் புத்தகம் இருக்கிறது, அதில் போன வருடம் விடுமுறை அல்லாமல் போன மணிகளை மட்டும் குறித்திருக்கிறேன். ஆசிரியர் பயிற்சிக்குப் போனது, விளையாட்டுப் போட்டி ஒத்திகை, ஆசிரியர் தினம், தண்ணீர் வராமல் பிள்ளைகளைச் சீக்கிரம் அனுப்பிய நாள். பிறகு நாட்காட்டியில் எங்கேயும் இல்லாத ஒன்று, தோட்டத்துக் கோவில் திருவிழா. அன்று பள்ளி நடக்கும், ஆனால் என் வகுப்பில் 14 பேரில் எட்டுப் பேர் இருந்தாலே பெரிது. புதுப் பாடம் நடத்தினால் ஆறு பேருக்கு மறுபடியும் நடத்த வேண்டும், ஆகவே அதையும் போன மணியாகவே எண்ணினேன். பொங்கலும் அப்படித்தான், பொது விடுமுறை கிடையாது, ஆனால் பள்ளித் திடலில் பானை பொங்கும்போது யாராவது பின்னம் படிப்பார்களா? எல்லாம் கூட்டினால் 13 மணி. பத்து மணி உபரியில் 13 போனால் மூன்று மணி கடன். ஆக இந்த வருடமும் எனக்கு நேரம் போதாது என்பது இன்றைக்கே தெரிகிறது. இதை அக்டோபரில் தெரிந்துகொள்வதுதான் பிரச்சினை.

இனி வரிசை. பாடநூல் வரிசையில்தான் நடத்த வேண்டும் என்று நினைத்துப் பல வருடம் போய்விட்டது. எந்தப் பாடம் எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள். பின்னம் தெரியாமல் விழுக்காடு வராது, விழுக்காடு தெரியாமல் பணத்தில் வட்டி, கூட்டு வட்டி வராது. இது ஒரு சங்கிலி, நடுவில் ஒன்பது நாள் விடுமுறை விழுந்தால் திரும்பி வந்து முதலிலிருந்து இழுக்க வேண்டும். தரவைக் கையாளுதல் அப்படி இல்லை. முகடு, நடுவெண், சராசரி, வீச்சு, இவற்றுக்குக் கூட்டலும் வகுத்தலும் போதும், அது பிள்ளைகளுக்கு நான்காம் ஆண்டிலேயே தெரியும். ஒரு நாள் வராத பிள்ளை மறுநாள் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்தே பிடித்துக்கொள்ளும்.

அதனால் உடைந்த வாரங்களுக்குத் தனியாக நிற்கும் பாடம், முழு வாரங்களுக்குச் சங்கிலிப் பாடம். ஜனவரி 28 முதல் பிப்ரவரி 13 வரைக்கும், நடுவில் தைப்பூசம், கல்லுமலைக்கும் பினாங்குக்கும் பாதி வகுப்பு போய்விடும், அங்கே எனக்கு ஏழு மணி கிடைக்கிறது. கடைசி அதிகாரத்தை இந்த வருடம் அங்கே போட்டுவிட்டேன். அப்பா ஐந்து நாளில் வெட்டிய செம்பனைக் குலைகள் 80, 95, 70, 95, 110 என்று பிள்ளைகளே வீட்டில் கேட்டுக்கொண்டு வரட்டும். சராசரி 90, நடுவெண் 95, முகடு 95, வீச்சு 40, ஒரே பட்டியலில் நான்கும் வந்துவிடும். பின்னமும் விழுக்காடும் மார்ச் 30 முதல் மே 22 வரைக்கும், அங்கே நாட்காட்டியில் எனக்குத் தெரிந்த ஓட்டை மே 1 ஒன்றுதான், 23 மணி. அதில் இருபதுக்கு மட்டும் பாடம் எழுதுகிறேன், மூன்று கட்டம் வெள்ளையாக இருக்கும். மேற்பார்வைக்கு வருபவர் "ஏன் காலி?" என்று கேட்பார் என்ற பயத்தில் முன்பெல்லாம் எல்லாவற்றையும் நிரப்புவேன். இப்போது "குறைநீக்கல்" என்று எழுதிவிடுகிறேன், நாள் எதுவும் போகவில்லை என்றால் உண்மையிலேயே குறைநீக்கல்தான் நடக்கும், பொய் இல்லை. அந்த வெள்ளைக் கட்டங்களை வருடக் கடைசியில் குவிக்காதீர்கள். ஏப்ரலில் விழும் ஓட்டையை நவம்பரில் அடைக்க முடியாது.

நாள் போனால் என்ன செய்வது? போன வருடப் பின்ன வாரத்தைச் சொல்கிறேன். ஆறு மணிக்குத் திட்டம் இருந்தது: பின்னத்தை முழு எண்ணால் பெருக்குதல், கலப்புப் பின்னம், பிரச்சினைக் கணக்கு இரண்டு வேளை, விழுக்காட்டைப் பின்னமாக்குதல், ஒரு தொகையின் விழுக்காடு. திங்கள் எனக்குப் பயிற்சி, புதன் ஒத்திகை, வெள்ளி கோவில் திருவிழா. மூன்றும் போயிற்று. பழைய நான் என்றால் எல்லாவற்றையும் மூன்று கட்டம் கீழே தள்ளியிருப்பேன். அப்படித் தள்ளினால் வருடம் முழுவதும் தள்ளிக்கொண்டே போய்க் கடைசிப் பாடம் கீழே விழும். தள்ளவில்லை. அந்தப் பகுதியின் வெள்ளைக் கட்டம் ஒன்று முதல் மணியை விழுங்கியது. பிரச்சினைக் கணக்கு இரண்டு வேளையை ஒன்றாக்கினேன், இரண்டு மணியும் சரி. மிச்சம் இருந்த அந்த ஒரு பிரச்சினைக் கணக்கு வேளையையும் எடுத்துவிட்டு, காலமும் நேரமும் பாடத்துக்குள் நடத்தினேன். முக்கால் மணி நேரம் என்றால் ¾ × 60, 45 நிமிடம், அதுவே பின்னப் பெருக்கல் கணக்குதானே. பெருக்கலின் கருத்தையும், விழுக்காட்டின் இரண்டு வேளையையும் தொடவே இல்லை, ஏனென்றால் வட்டி அதன் மேல் நிற்கிறது. இந்த வருடம் அந்த இணைப்பை முன்கூட்டியே எழுதிவிட்டேன்: நேரத்திலும் அளவையிலும் அலகு மாற்றம் வரும் இடங்களைப் பின்னம், தசமப் பயிற்சியாகவே வைத்ததில் நான்கு மணி மிச்சம். மூன்று மணிக் கடன் அடைந்து ஒரு மணி கையில் இருக்கிறது.

இது கையை மீறுகிறதா என்று பார்க்க வெள்ளிக்கிழமை ஐந்து நிமிடம் போதும். இரண்டு எண் எழுதுங்கள், இதுவரை நடந்திருக்க வேண்டிய மணி, நடந்த மணி. வித்தியாசம் அந்தப் பகுதியில் மிச்சம் இருக்கும் வெள்ளைக் கட்டத்தைவிடப் பெரிதானால் அடுத்த திங்களே எதையாவது இணைக்க வேண்டும். பாடம் நடக்காத நாளுக்கு நாள் பாடத்திட்டத்தின் சிந்தனை மீட்சியில் காரணத்தையும் எழுதுங்கள், அதுதான் அடுத்த வருடம் உங்கள் 13 மணி.

ஈடு கட்டும் சனிக்கிழமைப் பள்ளியை 106-இல் நான் சேர்க்கவில்லை, அன்று வருகை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதில் மீள்பார்வை மட்டும். இன்னொன்று, டெலிகிராமில் கிடைக்கும் ஆயத்தத் திட்டத்தை அப்படியே எடுப்பவர்கள் அது எந்த மாநிலக் குழுவுக்கு என்று பாருங்கள். கெடாவில் ஞாயிறு பள்ளி உண்டு, அங்கே எழுதிய தேதி பேராக்குக்குப் பொருந்தாது. என் தோழி ஒருத்தி மார்ச் வரைக்கும் கவனிக்கவே இல்லை.

புகைமூட்டம் வந்து காற்று மாசுக் குறியீடு 200-ஐத் தாண்டிப் பள்ளியை ஒரு வாரம் மூடினால் இந்த வெள்ளைக் கட்டமெல்லாம் காணாது, அதை ஒத்துக்கொள்கிறேன். அப்போது சங்கிலியில் இல்லாத பாடம் ஒன்றைத் தேர்வுக்குப் பிறகு இருக்கும் நவம்பர் வாரங்களுக்கு அனுப்புவேன். அச்சுத் தூரம்தான் என் முதல் தேர்வு, அதற்காகவே அதைச் செப்டம்பரில் வைத்திருக்கிறேன். உங்கள் பாடத்தில் அப்படி அனுப்பக்கூடியது எது என்று எழுதுங்கள், மொழி ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. கோப்பி ஆறிவிட்டது, நான் இன்னும் ஜூன் மாதத்தைத் தொடவில்லை, போகிறேன்.