மங்கு என்று நினைத்த தடம்

நேயர்களுக்கு என் வணக்கம். மூட்டு நோய்களையும் நோய் எதிர்ப்பு மண்டலக் கோளாறுகளையும் கவனிக்கும் மருத்துவராகப் பினாங்கில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். உடலைக் காக்கும் எதிர்ப்பு மண்டலமே உடலைத் தாக்கும் லூபஸ் நோயைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். ஒரு பெண்ணின் கதையைப் பிடித்துக்கொண்டே அதைச் சொல்கிறேன். அவரிடம் அனுமதி பெற்று, அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது இருபத்து மூன்று. பிறையில் வீடு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து போய் வருவார். அவரை அழைத்து வந்த அம்மா, உட்காருவதற்கு முன்பே, "டாக்டர், இவளுக்கு முகத்தில் மங்கு விழுந்துவிட்டது, கல்யாணம் பேசும் நேரம்" என்றார். நான் மூட்டு மருத்துவர் அல்லவா? அந்தப் பெண் வந்தது விரல் வலிக்காக. ஆனால் அம்மாவின் கண் சரியான இடத்தில்தான் நின்றது.

ஒரு கன்னத்தில் தொடங்கி, மூக்கின் மேட்டைக் கடந்து, மறு கன்னத்தில் முடிகிறது அந்தத் தடம். விரித்த சிறகு போலத் தெரிவதால் இதைப் பட்டாம்பூச்சித் தடிப்பு என்கிறோம். மருத்துவ நூல்களின் படங்களில் இது செக்கச் செவேல் என்று இருக்கும். நம் மாநிறத்திலும் கருநிறத்திலும் அந்தச் சிவப்பை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம். நாவல்பழக் கறை போன்ற கருநீலச் சாயல்தான் தெரியும். அதனால்தான் வீட்டில் மங்கு என்கிறார்கள், சில சமயம் கிளினிக்கிலும் அப்படியே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

வேறுபாட்டை அறிய ஒரு வழி உண்டு. மூக்கின் ஓரத்திலிருந்து வாயின் முனைக்கு இறங்கும் மடிப்பைக் கண்ணாடியில் பாருங்கள். லூபஸ் தடிப்பு பெரும்பாலும் அந்த மடிப்பை விட்டுவைக்கும். அங்கே தோல் தெளிவாக இருக்கும். பொடுகு வகைத் தோல் அழற்சி நேர்மாறாக அந்த மடிப்பில்தான் குடியிருக்கும். மங்கு தட்டையாக இருக்கும், தொட்டால் ஒன்றும் தெரியாது. லூபஸ் தடிப்பு சற்று மேடிட்டிருக்கும், சில வேளை சூடாகவும் எரிச்சலாகவும் இருக்கும். இது வீட்டில் நோயை முடிவு செய்வதற்கான சோதனை அன்று, மருத்துவரிடம் போவதற்கான காரணம் மட்டுமே. லூபஸ் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்தத் தடிப்பு வருவதே இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

இங்கே என் பழைய கோபம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பெண் எட்டு மாதங்களாக, இரவுச் சந்தையில் வாங்கிய முகவெண்மைக் களிம்பு ஒன்றைப் பூசியிருக்கிறார். முதல் மாதம் தடிப்பு அடங்கியதாம். அடங்கத்தான் செய்யும். இத்தகைய களிம்புகள் சிலவற்றில், சீட்டில் எழுதப்படாத ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது தடிப்பை மறைத்து, நோயை உள்ளே விட்டுவைக்கிறது. சிலவற்றில் பாதரசமும் இருக்கிறது. லூபஸ் குறிவைக்கும் அதே சிறுநீரகத்தைப் பாதரசமும் கெடுக்கும்.

இனி விரல் வலிக்கு வருகிறேன். காலையில் எழுந்ததும் இரு கைகளின் விரல்களும் விறைத்து, ஒரு மணி நேரத்துக்குத் துணி பிழிய முடியாது, மோட்டார் சைக்கிளின் பிரேக்கைப் பிடிக்க முடியாது என்றார். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு நன்றாக இருந்தது. வேலைக் களைப்பு என்று மாத்திரை தந்தார்கள். லூபஸ் மூட்டுகளை வலிக்கச் செய்யுமே தவிர, முடக்குவாதத்தைப் போல எலும்பை அரிப்பது அரிது. எக்ஸ்ரே நன்றாக இருப்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. அவருடைய விரல்களின் முதுகைப் பார்த்தேன்: கணுக்களின் மேல் தோல் தெளிவு, கணுக்களுக்கு இடையே அதே நாவல்பழக் கறை.

அதன் பிறகுதான் ரத்தப் பரிசோதனை. நம் உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் நம் செல்லின் கருவையே எதிரி என்று எண்ணித் தாக்குவதுதான் லூபஸ். நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள். ஏ.என்.ஏ. என்ற சோதனை அந்த எதிர்ப்பொருள்களைத் தேடுகிறது. புளிக்கரைசலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போய், எதுவரை புளிப்புத் தெரிகிறது என்று பார்ப்பதைப் போல, ரத்தநீரை நீர்த்துக்கொண்டே போய் எதுவரை எதிர்ப்பொருள் தென்படுகிறது என்று பார்க்கிறார்கள். 80 மடங்கு நீர்த்த பின்னும் தென்பட்டால் 1:80 என்று எழுதுகிறார்கள்.

இந்தப் பெண்ணுக்கு 1:1280. அவருடைய அக்காவுக்கு, உடல்நலப் பரிசோதனைத் தொகுப்பு ஒன்றில் எடுத்தபோது, 1:80. அக்கா அழுதுகொண்டே வந்தார். அவருக்கு வலி இல்லை, தடிப்பு இல்லை, சிறுநீர் சுத்தம். நலமாக இருக்கும் நூறு பேரில் ஏறத்தாழ 13 பேருக்கு 1:80 வரும் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். ஏ.என்.ஏ. இருப்பதால் மட்டும் லூபஸ் ஆகாது. அது அறவே இல்லையென்றால் லூபஸாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. தங்கைக்கோ இரட்டை இழை டி.என்.ஏ.வைத் தாக்கும் எதிர்ப்பொருளும் மிகுந்திருந்தது, எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த சி3 என்ற புரதம் குறைந்திருந்தது, சிறுநீரில் புரதம் கசிந்திருந்தது. சிறுநீரகத்தில் அழற்சி தொடங்கிவிட்டது என்பதைத் திசுப் பரிசோதனை உறுதி செய்தது. சிறுநீரகம் வலிக்காது, நேயர்களே. நுரைக்கும் சிறுநீரும் காலையில் வீங்கும் கண்ணிமையும்தான் அதன் குரல்.

வெயிலுக்கு வருகிறேன். புற ஊதாக் கதிர் பட்டுத் தோல் செல்கள் மடியும்போது, செல்லின் கருவுக்குள் இருக்க வேண்டிய பொருள்கள் வெளியே வந்து எதிர்ப்பொருள்களின் கண்ணில் படுகின்றன. தோலில் மூண்ட நெருப்பு மூட்டுக்கும் சிறுநீரகத்துக்கும் பரவலாம். இது அன்றே தெரியாது. சில நாள் முதல் இரண்டு மூன்று வாரம் கழித்தும் தெரியலாம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் வெயிலில் நின்றதற்கும், மாத இறுதியில் வந்த காய்ச்சலுக்கும் முடிச்சுப் போட யாருக்குத்தான் தோன்றும்?

நம் ஊர்க் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தி ஓடுகிறது. பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டுக்கு அன்று, ஏறத்தாழ ஒன்றேகால் மணிக்கு. மூன்று மணிக்கு ஷிப்ட் முடித்துப் பாலத்தில் ஏறும் அந்தப் பெண் சூரியன் சாய்ந்துவிட்டது என்று நினைத்திருந்தார். நம் ஊர் வழக்கப்படி ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொள்வார். கைகள் மறையும், பிடரி திறந்திருக்கும். புழுக்கத்தால் தலைக்கவசத்தின் முகக்கண்ணாடியைத் தூக்கிவிடுவார். கையுறை கிடையாது. விரல்களின் கறைக்கு விடை கிடைத்துவிட்டது அல்லவா?

அவருக்குச் சொன்னது இதுதான். கழுத்து மூடிய ஜாக்கெட், கையுறை, இறக்கிய முகக்கண்ணாடி. எஸ்.பி.எஃப். 50 உள்ள சன்ஸ்கிரீனை ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். கடலை அளவு பூசினால் புட்டியில் எழுதிய எண்ணுக்குப் பொருளில்லை. வெளியே இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும். மேகம் போட்ட நாளிலும் வேண்டும். கார்க் கண்ணாடி வழியாகவும் ஒரு வகைப் புற ஊதாக் கதிர் வரும். வெயில் படாததால் வைட்டமின் டி குறையும். அதைப் பார்த்து மாத்திரை தருகிறோம்.

கர்ப்பத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், கடிகாரம் ஒரு நிமிடம்தான் தருகிறது. நோய் ஆறு மாதமாவது அடங்கிய பின் கருத்தரிப்பது நல்லது. ரோ என்ற எதிர்ப்பொருள் இருந்தால் குழந்தையின் இதயத் துடிப்பைக் கருவிலேயே கவனிக்க வேண்டும். லூபஸுக்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையைக் கர்ப்பம் என்று தெரிந்ததும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அந்தப் பெண்ணின் சிறுநீர் இப்போது தெளிந்திருக்கிறது. பாலத்தை அவர் இன்னும் மோட்டார் சைக்கிளில்தான் கடக்கிறார், கையுறையோடு. வணக்கம்.