மாங்கூழ் ஃபேக்டரி விரிவாக்கம்: கடனா, பங்கா?

கேள்வி: "சார், பர்கூர் பக்கம் எங்க மாங்கூழ் கம்பெனிக்கு இன்னொரு லைன் போட 4 கோடி வேணும். பேங்க் 11 சதவீதத்துல தர்றேங்குது. சித்தப்பா, ஷேரா கொடு, ஒரு ஷேருக்கு 40 ரூபா போடுறேங்கிறாரு. கடன் வாங்கினா டிஎஃப்எல் ஏறும்னு ஆடிட்டர் பயப்படுறாரு, வட்டி கவரேஜ் நல்லாத்தான் இருக்குன்னு மேனேஜர் சொல்றாரு. யார் சொல்றதைக் கேக்கறது?"

ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தாங்க சொல்றாங்க. வட்டிக்கும் வரிக்கும் முந்தின லாபத்தை வட்டியால வகுத்தா கவரேஜ். அதே லாபத்தை, வட்டி போக மிச்சமிருக்கிறதால வகுத்தா டிஎஃப்எல், அதாவது லாபம் ஆடினா பங்குதாரருக்கு வர்றது எத்தனை மடங்கு ஆடும்ங்கிற கணக்கு. கவரேஜ் 4 இருந்தா டிஎஃப்எல் 1.33. கவரேஜ் 2-ன்னா டிஎஃப்எல்லும் 2. கவரேஜ் 1.25-க்கு இறங்கினா டிஎஃப்எல் 5-க்குப் போயிடும். அப்போ லாபத்துல 10 சதவீதம் குறைஞ்சாலே பங்குதாரருக்கு வர்றதுல பாதி போயிடும்.

நீங்க அனுப்பின கணக்கையே எடுத்துக்குவோம். புது லைன் ஓடினா லாபம் 180 லட்சம்னு போட்டிருக்கீங்க. சரக்கு வாங்க பேங்க் தர்ற சிசி, அதாவது கேஷ் கிரெடிட் கடனுக்கு இப்போ கட்டற வட்டி 20 லட்சம். 4 கோடியும் கடன்னா அதுக்கு 44, ஆக வட்டி 64 லட்சம். கவரேஜ் 2.8, டிஎஃப்எல் 1.55. மேனேஜர் பார்த்தது இதைத்தான். வரி 25 சதவீதம் போக, உங்ககிட்ட இப்போ இருக்கிற 20 லட்சம் ஷேர்ல ஒவ்வொண்ணுக்கும் 4.35 ரூபா நிக்குது. சித்தப்பா பணத்துல போட்டா புதுசா 10 லட்சம் ஷேர் வரும், ஷேருக்கு 4 ரூபாதான். கடன் ஜெயிக்கிற மாதிரி தெரியுது. ஆனா லாபம் 152 லட்சத்துக்குக் கீழே போனா கணக்கு அப்படியே திரும்பிடும். அந்த இடத்துல ரெண்டு வழியிலயும் 3.30 ரூபா.

இப்போ நம்ம ஊர் நிலவரத்துக்கு வாங்க. பெங்களூரா மாங்காய் வர்றது மூணு மாசம். காய்க்குக் காசு அப்பவே கொடுக்கணும், கூழ் விக்கிறது வருஷம் பூரா. நான் கணக்குப் பாக்கிற ஒரு யூனிட்ல ஒரு வருஷம் போனப்போ, போன சீசன் டிரம்மே ஷெட்டு நிறைய அடுக்கி இருந்துச்சு, வெளியே நடக்கவே ஒரு ஆள் அகலம்தான் வழி. சரக்கு நின்னா சிசி குறையாது. லைன் பெருசானா காயும் அதிகம் வாங்குவீங்க, சிசி வட்டியும் 8 லட்சம் கூடும்னு வெச்சுக்குவோம். இதை யாருமே ரிப்போர்ட்ல போடறதில்லை, டேர்ம் லோன் வட்டியை மட்டும்தான் போடறாங்க.

அப்படி ஒரு வருஷம் லாபம் பாதியா, 90 லட்சமா விழுந்தா? வட்டி 72. கவரேஜ் 1.25. முன்னாடி 1.55-ன்னு பார்த்த டிஎஃப்எல் இப்போ 5. அது கம்பெனிக்கு ஒட்டி வெச்ச நம்பர் இல்லைங்க, லாபம் எங்க நிக்குதோ அதுக்கேத்த மாதிரி மாறும்.

கவரேஜ் ஒண்ணுக்கு மேல இருக்கே, சமாளிச்சுடலாம்னு நினைப்பீங்க. அசலை மறந்துடாதீங்க. ஏழு வருஷக் கடன்னா வருஷத்துக்கு 57 லட்சம் அசல். வட்டி போக 18, வரி போக 13.5, கையை விட்டுப் போகாத செலவான தேய்மானம் 40 லட்சத்தைத் திரும்பச் சேர்த்தா 53.5 லட்சம்தான் கையில. மூணரை லட்சம் துண்டு விழுது. வட்டி கட்ட முடிஞ்ச கம்பெனி தவணை கட்ட முடியாம நிக்குது. கவரேஜ் இதைக் காட்டாது.

அதனால நான் சொல்றது பாதிப் பாதி. 2 கோடி கடன், 2 கோடி சித்தப்பா பணம். மோசமான வருஷத்துல வட்டி 50 லட்சம், கவரேஜ் 1.8. தேய்மானத்தோட 70 லட்சம் கையில நிக்கும், அசல் 28.5 போதும். நல்ல வருஷத்துல, கூடுதல் சிசி வட்டியை விட்டுப் பார்த்தா, 4.35-க்குப் பதில் 4.14 ரூபா. இருபத்தோரு காசுல தூக்கம் வருது.

சித்தப்பாகிட்டயும் இதுல ஒரு விஷயம் இருக்கு. முழுசும் பங்குல வாங்கினா அவருக்கு மூணுல ஒரு பங்கு. கம்பெனிச் சட்டப்படி சிறப்புத் தீர்மானத்துக்கு எதிர்ப்பு ஓட்டை மாதிரி மூணு மடங்கு ஆதரவு வேணும், அதை அவர் ஒருத்தரே தடுக்கலாம். 2 கோடி மட்டும் வாங்கினா 5 லட்சம் ஷேர், 20 சதவீதம். தனியா தடுக்க முடியாது.